வலப்பக்க மூக்குத்தி

2024 மார்ச்சில் ‘ஏர் ஹெட்’ என்றொரு குறும்படம் வெளிவந்தது. கனடாவின் டொரன்டோவைச் சேர்ந்த ‘ஷை கிட்ஸ்’ குழு, ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் சோராவைக் கொண்டு எடுத்த படம். நாயகனுக்குத் தலை கிடையாது. கழுத்துக்கு மேலே ஒரு மஞ்சள் பலூன். முதல் தடவை பார்க்கிறவருக்கு அது அழகான கற்பனை. ஏஐ வீடியோ செய்து பார்த்தவருக்கு அதில் ஒரு கெட்டிக்காரத்தனமும் தெரியும்: முகமே இல்லாதவனுக்கு முகம் மாறாது. அப்படியும் அவர்கள் தப்பவில்லை. பலூனின் நிறம் ஷாட்டுக்கு ஷாட் மாறியது. யாரும் கேட்காமலே பலூன்மேல் ஒரு முகம் முளைத்தது. வேண்டாத இடத்தில் கயிறு தொங்கியது. அதையெல்லாம் பிற்பாடு எடிட்டிங்கில் உட்கார்ந்து கையால் துடைத்திருக்கிறார்கள்.

பலூனுக்கே இந்தப் பாடு. அதனால்தான் ஏஐ படத்தில் ஒரு மனித முகம் பத்துப் பதினைந்து ஷாட்டுகளுக்குத் தன்னைத் தொலைக்காமல் வந்தால் நான் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறேன். அதற்குப் பின்னால் ஒருவர் பட்ட பாடு அப்படி.

இந்தக் கருவிகளுக்கு ‘அந்த ஆள்’ என்ற நினைவே இல்லை. ஒவ்வொரு படமும் வெறும் புள்ளிக் குழப்பத்திலிருந்து புதிதாகத் தொடங்குகிறது. எழுதிக் கொடுத்த வர்ணனைக்குப் பொருந்துகிற ஏதோ ஒரு முகத்தை நோக்கி அது தெளிந்துகொண்டே போகிறது. ‘அறுபது வயது, மாநிறம், மூக்குத்தி, நரைத்த கொண்டை’ என்று எழுதினால் அதற்குப் பொருந்தும் முகங்கள் பல்லாயிரம். முதல் ஷாட்டில் ஒருத்தி வருவாள், அடுத்த ஷாட்டில் அவள் அக்கா வருவாள். வர்ணனையை இன்னும் நீட்டினால் சரியாகிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் ஒரு முகத்தை இன்னாருடையது என்று காட்டுவது மூக்குக்கும் மேலுதட்டுக்கும் உள்ள தூரம், இமை மடிகிற விதம், நெற்றியில் முடி தொடங்கும் கோடு. இவற்றுக்கு நம்மிடம் போதுமான சொற்களே இல்லை. ஆகவே முகத்தைச் சொல்லால் பிடிக்க முடியாது, படத்தால்தான் பிடிக்க வேண்டும்.

படத்தால் பிடிக்க இன்று இரண்டு வழி. ஒன்று, ஒரு படத்தை முன்மாதிரியாகக் காட்டி ‘இவளையே வரை’ என்பது. மிட்ஜர்னி 2024இல் `--cref` என்ற கட்டளையைக் கொண்டுவந்தது இதற்குத்தான். பிறகு வந்த ஃப்ளக்ஸ் கான்டெக்ஸ்ட், கூகுளின் நேனோ பனானா போன்றவை இதை இன்னும் நன்றாகச் செய்கின்றன. மற்றொன்று, பாத்திரத்தின் பல படங்களைக் கொடுத்து மாடலுக்கு ஒரு சின்ன இணைப்பைப் பழக்குவது. அதை லோரா என்கிறார்கள். முதல் வழி வேகமானது. எனக்குப் பிடித்தது இரண்டாவது. செய்பவரின் ரசனை அங்கேதான் வெளிப்படுகிறது.

ஒரு பாத்திரத்தை வைத்துக்கொள்வோம்: செங்கமலம், கோயில் வாசலில் பூக் கட்டும் அறுபது வயதுப் பெண். வலது மூக்கில் ஒற்றைக்கல் மூக்குத்தி. இடது புருவ நுனிக்குக் கீழே ஒரு மச்சம். இடப்பக்கக் காதோரம் மட்டும் நரை அடர்த்தி. இந்த மூன்றையும் வேண்டுமென்றே ஒருபக்கமாக வைத்திருக்கிறேன். மாடல்கள் சராசரியை நோக்கிச் சாய்பவை. முகத்தைச் சீராக்கி, இரண்டு பக்கமும் ஒத்துப்போக வைத்து, வயதையும் குறைத்துவிடும். ஒருபக்க அடையாளம் இருந்தால் அந்தச் சரிவு எப்போது தொடங்குகிறது என்று உடனே தெரியும். மூக்குத்தி இடப்பக்கம் போய்விட்டதா, அல்லது இரண்டு பக்கமும் வந்துவிட்டதா, அப்போதே அந்த ஷாட்டைத் தூக்கிப் போடலாம்.

முதலில் ஒரே ஒரு முகம். நூறு முகம் வரைய வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகு அதையே நேராக, முக்கால் திருப்பத்தில், பக்கவாட்டில், பின்னாலிருந்து என்று வரைய வைக்க வேண்டும். இது அனிமேஷன்காரர்களின் பழைய பழக்கம். டிஸ்னியில் 1930களின் கடைசியில் ஜோ கிராண்ட் தலைமையில் இதற்கென்றே ஒரு பிரிவு இருந்தது. பல கைகள் வரையும் ஒரே பாத்திரம் ஒரே ஆளாக இருக்க, எல்லாக் கோணமும் கொண்ட மாடல் ஷீட்டுகளை அது தயாரித்துக் கொடுத்தது. இப்போது கைகளுக்குப் பதில் ஞாபகமில்லாத ஒரு கருவி. ஷீட்டின் தேவை மட்டும் மாறவில்லை.

லோராவுக்கு இருபது படம் போல இருந்தால் போதும். எண்ணிக்கையைவிட அவை ஒன்றுக்கொன்று வேறுபடுவது முக்கியம். சிரிப்பு, எரிச்சல், களைப்பு. காலை வெயில், டியூப் லைட், மழை மூட்டம். குளோசப், இடுப்பளவு, முழு உருவம். இருபதும் ஒரே வெளிச்சத்தில் ஒரே புன்னகையோடு இருந்தால், அந்த வெளிச்சமும் புன்னகையும் செங்கமலத்தின் பிறவி அங்கங்கள் என்று மாடல் எடுத்துக்கொள்ளும்.

அடுத்த வேலை ஒவ்வொரு படத்துக்கும் குறிப்பு எழுதுவது. இதுதான் இந்தக் கலையின் மிக நுட்பமான இடம். குறிப்பில் எழுதியதெல்லாம் மாறக்கூடியது என்று மாடல் கற்கிறது. எழுதாமல் விட்டது பாத்திரத்தின் பெயரோடு ஒட்டிக்கொள்கிறது. அதனால் ஒரு குறிப்பு இப்படி இருக்கும்:

```
sngmlm, woman laughing, side view, red saree, street at night
```

முதலில் இருப்பது அவளுக்கென்று வைத்த, வேறெங்கும் பொருள் இல்லாத பெயர். சிரிப்பு, கோணம், சேலை நிறம், இரவுத் தெரு எல்லாம் எழுதப்பட்டுவிட்டன. நாளைக்கு அவற்றை மாற்றலாம். மச்சம், மூக்குத்தி, காதோர நரை மூன்றையும் பற்றி ஒரு சொல் இல்லை. அவை அந்தப் பெயருக்குள் போய்விட வேண்டும். சேலையை எழுதாமல் விட்டால் என்ன ஆகும்? அதே சேலையில்தான் அவள் மகள் கல்யாணத்துக்கும் வருவாள். குறிப்பை மட்டும் படித்தே, எழுதியவருக்குத் தன் பாத்திரத்தில் எது நிலை, எது நிலையற்றது என்ற தெளிவு இருக்கிறதா என்று சொல்லிவிடலாம்.

பழக்கும் மென்பொருளில் `flip_aug` என்றொரு அமைப்பு உண்டு. படங்கள் குறைவாக இருக்கும்போது ஒவ்வொன்றையும் இடம் வலமாகத் திருப்பி இரட்டிப்பாக்கித் தரும். பூவுக்கும் பூனைக்கும் அது நல்லது. செங்கமலத்துக்கு விஷம். மச்சத்தை இரண்டு பக்கமும் பார்த்த மாடல் அதை எந்தப் பக்கமும் வைக்கும். மூக்குத்தி ஷாட்டுக்கு ஷாட் பக்கம் தாவுகிற படங்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஒரு வரிதான் என் மனதில் ஓடும்.

பயிற்சி குறைந்தால் ஆள் நழுவுகிறாள்; மிஞ்சினால் உறைந்துபோகிறாள். உறைந்ததைக் கண்டுபிடிப்பது எளிது: கோபம் கேட்டாலும் அதே முகபாவம் வரும், பயிற்சிப் படத்துச் சுவர் கடற்கரைக் காட்சியின் பின்னால் எட்டிப்பார்க்கும். தேர்ந்தவர்கள் பயிற்சியின் நடுநடுவே பல கட்டங்களைச் சேமித்துவைத்து, பயிற்சியில் இல்லாத ஒரு சூழலை ஒவ்வொன்றிடமும் கேட்கிறார்கள்: மழையில் நனைந்து, பின்னாலிருந்து வெளிச்சம் விழ, வாய்விட்டு அழும் செங்கமலம். அவளாகவும் இருக்க வேண்டும், அழவும் வேண்டும். அந்த இரண்டும் கூடி வருகிற கட்டத்தை எடுத்துக்கொண்டு, பிராம்ப்ட்டில் அதன் பலத்தை முழு ஒன்றுக்குக் கொஞ்சம் குறைத்து, `<lora:sngmlm:0.8>` என்பது போல வைத்தால் முகத்துக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். என்னைக் கேட்டால், ஒவ்வொரு ஷாட்டிலும் அச்சு அசலாக வரும் முகத்தைவிட, சற்று ஆடினாலும் உயிரோடு இருக்கும் முகமே மேல். ஒரே ஆளாக இருந்தால் போதும், ஒரே படமாக இருக்கத் தேவையில்லை.

வைடு ஷாட்டில் முகம் குழைந்துபோவது தனிக்கதை. அங்கே பழி பயிற்சியின் மேல் இல்லை. ஸ்டேபிள் டிஃப்யூஷன் வகை மாடல்கள் படத்தை நேரடியாக வரைவதில்லை. நீளத்திலும் அகலத்திலும் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிய வடிவில் வரைந்து கடைசியில் விரிக்கின்றன. கோபுரத்தின் கீழே தூரத்தில் நிற்கும் செங்கமலத்தின் முகம் 64 பிக்சல் உயரம் என்றால், மாடலுக்குக் கிடைப்பது எட்டே கட்டம். எட்டுக் கட்டத்தில் யாருடைய மச்சத்தை வைப்பது? ஆகவே முகப்பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, பெரிதாக்கி, லோராவோடு மறுபடி வரையவைத்து, பழைய இடத்தில் பொருத்துகிறார்கள். தூரத்து முகமும் அவள் முகமாகவே இருக்கும் படத்தில் இந்த வேலை நடந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

இப்படிச் செய்த நிலைப்படங்களுக்கு அசைவு கொடுத்தால் சில விநாடி வீடியோ. நேர்முகப் படத்தைக் கொடுத்து ‘திரும்பிப் பார்’ என்றால், பக்கவாட்டு முகத்தை வீடியோ மாடல் பார்த்ததே இல்லை. தானாக ஒன்றைக் கற்பித்துக்கொள்ளும். திரும்புவது செங்கமலம், திரும்பி முடித்தது வேறொருத்தி. முதல் ஃப்ரேமோடு கடைசி ஃப்ரேமையும் கொடுக்க வழியுள்ள கருவிகளில், மாடல் ஷீட்டிலிருந்து பக்கவாட்டு முகத்தைக் கடைசியாக வைத்துவிடலாம். நீளமான காட்சிக்காக ஒரு துண்டின் கடைசி ஃப்ரேமை அடுத்த துண்டின் தொடக்கமாக வைப்பவர்களும் உண்டு. அது ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுப்பது. ஒவ்வொரு சுற்றிலும் சுருக்கம் கொஞ்சம் மழுங்கும், தோல் பளபளக்கும், நாலாவது துண்டில் அவளுக்கு நாற்பத்தைந்து வயது. ஷாட்டை வெட்டி, ஒவ்வொரு முறையும் மூலப் படத்துக்கே திரும்பிப் போவதுதான் சரி.

பார்ப்பவருக்கு ஒரு வழி சொல்கிறேன். 19ஆம் நூற்றாண்டு இத்தாலியில் ஜொவான்னி மொரெல்லி என்ற ஓவிய ஆய்வாளர், ஓர் ஓவியத்தை வரைந்தவர் யார் என்று கண்டுபிடிக்கக் காது மடலையும் விரல் நகத்தையும் பார்த்தார். கவனம் குறையும் இடத்தில்தான் கை தன்னைக் காட்டிக்கொடுக்கும் என்பது அவர் கணக்கு. ஏஐ படத்துக்கும் அது பொருந்துகிறது. ஷாட்டுக்கு ஒரு ஃப்ரேம் எடுத்து ஒரே பக்கத்தில் கட்டம் கட்டமாக அடுக்குங்கள். கண்ணையும் சேலையையும் விட்டுவிட்டு காது மடல், முடிக்கோடு, மூக்குக்குக் கீழ் இடைவெளி இவற்றை மட்டும் வரிசையாகப் பாருங்கள். கண்ணைத்தான் எல்லோரும் கவனித்துத் திருத்தியிருப்பார்கள். காது மடலும் ஒத்துப்போனால் அந்தக் கைக்கு ஒரு வணக்கம் வைக்கலாம்.

இன்னும் முழுசாக வசப்படாதது இருவர் சேர்ந்த காட்சி. செங்கமலத்துக்கு ஒரு லோரா, மகளுக்கு ஒரு லோரா என்று இரண்டையும் ஒரே படத்தில் ஏற்றினால் ஒன்று மற்றொன்றில் கசியும். அம்மாவின் மச்சம் மகளுக்கும் வரும், மகளின் இளமை அம்மாவுக்கும் ஏறும். படத்தை இரண்டு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் அவரவர் லோராவை மட்டும் வேலை செய்யவைப்பது ஒரு வழி. இருவரும் தள்ளி உட்கார்ந்திருக்கும்வரை அது நிற்கும். மகள் தலையில் அம்மா பூ வைத்துவிடும் காட்சியில் கையும் முகமும் ஒன்றன்மேல் ஒன்று வரும்போது பிரித்த எல்லையே குழம்பிவிடும். அங்கே பெரும்பாலானவர்கள் அம்மாவின் கையை மட்டும் குளோசப்பில் காட்டிவிட்டு, மகள் முகத்துக்கு வெட்டிப் போய்விடுகிறார்கள். இப்போதைக்கு அதுதான் புத்திசாலித்தனம்.