சப்பாத்திக்கு எந்த மாவு?

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணையில், 100 கிராம் முழுக் கோதுமை மாவில் ஏறத்தாழ 10.6 கிராம் புரதம் இருக்கிறது. மைதாவில் 10.4. கேழ்வரகில் 7.2. கடலைப் பருப்பில் 21.5. கடலை மாவு அந்தப் பருப்பை அரைத்ததுதான் என்பதால் அதே எண்ணை அதற்கும் கொள்ளலாம்.

இதில் பலருக்கு வியப்பளிப்பது மைதா. கோதுமையின் தவிட்டையும் முளையையும் நீக்கிய பிறகும் புரதம் ஏன் குறையவில்லை? பரோட்டா மாவை இழுக்க இழுக்க நீள வைக்கும் பசைப்புரதமான குளூட்டன், மணியின் உட்பகுதியில்தான் இருக்கிறது. மைதாவில் மிஞ்சுவது அந்த உட்பகுதியே. ஆகவே புரதக் குறைவைச் சொல்லி மைதாவை ஒதுக்குவது தவறான வாதம். அதன் உண்மையான குறை நார்ச்சத்தில் இருக்கிறது. அதே அட்டவணையில் முழுக் கோதுமை மாவுக்கு 11 கிராமுக்கு மேல் நார்ச்சத்து, மைதாவுக்கு 3 கிராம்கூட இல்லை. இரும்பு முதலான தாதுக்களும் தவிட்டோடு போய்விடுகின்றன.

கடையில் வாங்கும் கோதுமை மாவுப் பொட்டலத்தில் 12 என்று அச்சிட்டிருந்தால் அது பொய் என்று முடிவுகட்ட வேண்டாம். ஆய்வகம் நேரடியாகப் புரதத்தை அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து ஓர் எண்ணால் பெருக்குகிறது. கோதுமைக்கு உரிய 5.7-க்குப் பதிலாகப் பொதுவான 6.25-ஐப் பயன்படுத்தினால், அதே மாவில் புரதம் சுமார் 10 சதவீதம் கூடிவிடும். கோதுமையின் ரகமும் ஈரப்பதமும் சேர்ந்து இன்னும் வேறுபடுத்தும். எனவே ஒன்றரை கிராம் வித்தியாசத்துக்காக ஒரு மாவை விட்டு இன்னொன்றுக்கு மாறுவதில் பொருளில்லை. கேழ்வரகுக்கும் கோதுமைக்கும் உள்ள மூன்றரை கிராம், கோதுமைக்கும் கடலை மாவுக்கும் உள்ள 11 கிராம் ஆகிய இடைவெளிகளே கணக்கில் கொள்ளத்தக்கவை.

அளவோடு தரத்தையும் பார்த்தாக வேண்டும். உடல் தானே செய்துகொள்ள முடியாத அமினோ அமிலங்களில் லைசின் ஒன்று. பெரியவர்களுக்கு ஒரு கிராம் புரதத்தில் 45 மில்லிகிராம் லைசின் இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் 2007-இல் வகுத்த அளவு. கோதுமைப் புரதத்தில் அது 27-ஐ ஒட்டியே நிற்கிறது. மைதாவில் இன்னும் குறைவு. கடலையில் 65-க்கு மேல். கடலைக்குக் குறைவான கந்தக அமினோ அமிலங்கள் தானியத்தில் போதிய அளவு உண்டு. ஒன்றின் குறையை மற்றது நிரப்புவதால், தனித்தனி மாவை விடக் கலவையே மேல்.

நான்கு சப்பாத்திக்கு 120 கிராம் மாவு என்று வைத்துக்கொள்வோம். கோதுமை மட்டும் என்றால் 12.7 கிராம் புரதம். கேழ்வரகு மட்டும் என்றால் 8.6. 90 கிராம் கோதுமையோடு 30 கிராம் கடலை மாவு சேர்த்தால் 16 கிராம் கிடைக்கிறது. லைசினும் கிராமுக்கு 43 மில்லிகிராம் அளவுக்கு உயர்கிறது. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்குப் பரிந்துரைக்கப்படும் புரதம் சுமார் 46 கிராம். அதில் மூன்றில் ஒரு பங்கு இந்த நான்கு சப்பாத்தியிலேயே வந்துவிடும்.

அப்படியானால் முழுக்கக் கடலை மாவிலேயே செய்யலாமே என்று கேட்கலாம். கடலை மாவில் குளூட்டன் கிடையாது. பாதிக்கு மேல் போனால் மாவு கையில் ஒட்டும், தேய்க்கும்போது ஓரம் விரியும், கல்லில் போட எடுக்கையில் கிழியும். பஞ்சாபிலும் ராஜஸ்தானிலும் செய்யும் மிஸ்ஸி ரொட்டியில் கோதுமை மாவைச் சேர்ப்பது இதனால்தான். தணலும் மிதமாக இருக்க வேண்டும்: மேலே புள்ளி விழுந்தும் கடித்தால் பச்சை வாசனை வந்தால் உள்ளே வேகவில்லை என்று பொருள். வேகாத கடலை மாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் மிஞ்சியிருக்கும், வயிறும் உப்பும்.

கேழ்வரகைப் புரதத்துக்காகப் பரிந்துரைப்பவர்களோடு நான் உடன்படவில்லை. அதன் பெருமை கால்சியம்: 100 கிராமில் 350 மில்லிகிராமுக்கு மேல். கோதுமையில் பாதிக்குக் கேழ்வரகைக் கலந்தால் நான்கு சப்பாத்தியில் புரதம் 10.7 கிராமாகக் குறைகிறது. கால்சியத்துக்காகக் கலப்பவர்கள் அன்று தொட்டுக்கொள்ளப் பருப்போ தயிரோ வைத்தால் அந்தக் குறை சரியாகும்.

புரதம்தான் நோக்கம் என்றால் மூன்று பங்கு முழுக் கோதுமை மாவு, ஒரு பங்கு கடலை மாவு என்பதே என் தேர்வு. சிறுநீரக நோய்க்காகப் புரதத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கலக்கவும்.