ஒரே ஆண்டின் லாபத்தை நம்பினால்

காரைக்காலில் பங்கு வைத்திருப்பவர்கள் பேசும்போது இரண்டு பெயர்கள் அதிகம் அடிபடும். ஒன்று, நிரவியில் அலுவலகம் வைத்துக் காவிரிப் படுகை முழுவதும் எண்ணெய் எடுக்கும் ஓ.என்.ஜி.சி. மற்றொன்று சென்னை பெட்ரோலியம். வாஞ்சூர் எல்லையைத் தாண்டினால் நாகூருக்கு அருகே பனங்குடியில் அதன் சிறிய சுத்திகரிப்பு ஆலை 1993 முதல் இயங்கிவந்தது. தினமும் கண்ணில் படும் நிறுவனம் என்பதால் பலர் அதன் பங்கை வாங்கினார்கள். வாங்கியது சரியான விலைக்குத்தானா என்று பார்க்க அவர்கள் கையாளும் கணக்கு பி.இ. விகிதம். அதோடு, லாபம் ஆண்டுக்கு எத்தனை சதவீதம் வளர்ந்தது என்பதையும் சேர்த்துக்கொள்வார்கள்.

கணக்கு எளிது. ஆண்டறிக்கையில் லாப நட்டக் கணக்கின் கடைசியில் இ.பி.எஸ்., அதாவது ஒரு பங்குக்கு விழும் நிகர லாபம் அச்சாகியிருக்கும். சந்தை விலையை அதனால் வகுத்தால் பி.இ. வந்துவிடும். 15 என்று வந்தால், லாபம் இப்படியே நீடிக்கும் பட்சத்தில் ஒரு ரூபாய் ஆண்டு லாபத்துக்கு 15 ரூபாய் கொடுக்கிறோம் என்று பொருள். இந்தப் பழக்கத்தின் பெரிய நன்மை, விலையைத் தனியாகப் பார்க்க விடாமல் செய்வது. பங்கு 240 ரூபாய், 900 ரூபாய் என்று கேட்டால் மலிவா, விலை அதிகமா என்று எதுவும் தெரியாது. லாபத்தை எதிரில் வைத்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம் வருகிறது. அதற்காக ஆண்டறிக்கையைத் திறக்க வைக்கிறதே, அதுவே பெரிய காரியம்.

ஆனால் சென்னை பெட்ரோலியம் போன்ற நிறுவனத்தில், கடைசி ஆண்டின் லாபத்தை மட்டும் வைத்துப் போடும் பி.இ. வெறுமனே தவறாகப் போவதில்லை, தலைகீழாகப் போகிறது. அதை எண்களோடே பார்ப்போம்.

நிறுவனத்தின் பங்குகள் சுமார் 14.89 கோடி. இந்த எண்ணிக்கை நாம் பார்க்கும் ஒன்பது ஆண்டுகளிலும் மாறவில்லை என்பதால் கணக்கு சிக்கலில்லாமல் வரும். தனிக் கணக்கின்படி நிகர லாபம், சுமாராகக் கோடி ரூபாயில்:

2016-17: 1,030
2017-18: 913
2018-19: நட்டம் 213
2019-20: நட்டம் 2,078
2020-21: 238
2021-22: 1,342
2022-23: 3,532
2023-24: 2,711
2024-25: 174

2023 மார்ச் இறுதியில் பங்கின் விலை சுமார் 240 ரூபாய். அந்த ஆண்டின் இ.பி.எஸ். 237 ரூபாய். அப்படியானால் பி.இ. 1. ஒரே ஆண்டு லாபத்தின் விலைக்கு முழு நிறுவனமும் கிடைக்கிறது என்று தோன்றும். அடுத்த ஆண்டு மார்ச்சில் விலை 900 ரூபாயை ஒட்டி இருந்தது, இ.பி.எஸ். 182, பி.இ. 5. இன்னும் மலிவுதான் என்று சொல்லி அப்போது வாங்கியவர்கள் நிறைய. 2025 மார்ச்சில் விலை சுமார் 615 ரூபாயாக இறங்கியிருந்தது. ஆனால் இ.பி.எஸ். 11 ரூபாய் 70 காசாகிவிட்டதால் பி.இ. 52க்கு மேல் போயிற்று. விலை மூன்றில் ஒரு பங்கு குறைந்த பிறகு, இந்த அளவுகோல் பங்கை முன்பைவிடப் பத்து மடங்கு விலை கூடியது என்கிறது. இதை வைத்து வாங்கவோ விற்கவோ ஒருவர் முடிவெடுத்தால் என்ன ஆகும்?

காரணம் தொழிலிலேயே இருக்கிறது. சுத்திகரிப்பு ஆலை கச்சா எண்ணெயை வாங்கி டீசல், பெட்ரோல், விமான எரிபொருள் என்று பிரித்து விற்கிறது. ஒரு பீப்பாயில் கிடைக்கும் பொருள்களின் மதிப்புக்கும் அந்தப் பீப்பாய் கச்சா எண்ணெயின் விலைக்கும் உள்ள இடைவெளியைச் சுத்திகரிப்பு மிகுவரவு, சுருக்கமாக ஜி.ஆர்.எம். என்பார்கள். நிறுவனத்தின் முதன்மை ஆலையான மணலியின் திறன் ஆண்டுக்கு 1.05 கோடி டன். பீப்பாய்க் கணக்கில் ஏறக்குறைய 7.7 கோடி. ஆக, பீப்பாய்க்கு ஒரு டாலர் ஏறினாலோ இறங்கினாலோ, டாலருக்கு 83 ரூபாய் என்று வைத்தால், சுமார் 640 கோடி ரூபாய் ஆடும். வரி போனால் பங்கு ஒன்றுக்கு முப்பது ரூபாய்க்கு மேல். உக்ரைன் போர் 2022இல் தொடங்கியதும் உலகெங்கும் டீசலுக்கான இடைவெளி விரிந்தது. 2022-23 நிதியாண்டில் நிறுவனத்தின் ஜி.ஆர்.எம். 12 டாலரை ஒட்டி இருந்தது. அடுத்த ஆண்டு எட்டரை, அதற்கடுத்து நான்கு சொச்சம். மணலியில் வேலை செய்தவர்களின் திறமை மூன்று ஆண்டுகளில் மூன்றில் ஒன்றாகக் குறைந்துவிடவில்லை. சிங்கப்பூர்ச் சந்தையில் விலை மாறியது, அவ்வளவுதான். சந்தையில் பணம் போடுபவர்களுக்கு 2023இலேயே இது தெரியும். 237 ரூபாய் நிலைக்காது என்று அவர்கள் எண்ணியதால்தான் பி.இ. 1இல் நின்றது.

பல ஆண்டு அறிக்கைகளைச் சேர்த்துப் பார்க்கும் வழக்கம் இங்கேதான் கைகொடுக்கிறது. பெஞ்சமின் கிரஹாமும் டேவிட் டாடும் 1934இல் எழுதிய நூலிலேயே, குறைந்தது ஐந்து, முடிந்தால் ஏழு அல்லது பத்து ஆண்டுகளின் சராசரி லாபத்தை எடுக்கச் சொன்னார்கள். அதை இங்கே போட்டுப் பார்க்கலாம். அந்தந்தத் தேதியில் கையில் இருந்த ஆண்டுகளை மட்டுமே எடுக்க வேண்டும்; பின்னால் வந்ததை முன்னாலேயே தெரிந்ததுபோல் சேர்க்கக் கூடாது.

2023இல் ஏழு ஆண்டுகளின் சராசரி இ.பி.எஸ். சுமார் 46 ரூபாய். 240 ரூபாய் விலைக்கு பி.இ. 5 சொச்சம். 2024இல் எட்டு ஆண்டு சராசரி 63 ரூபாய், பி.இ. 14. 2025இல் ஒன்பது ஆண்டு சராசரி 57 ரூபாய், பி.இ. 11க்குச் சற்றுக் கீழே. ஒற்றை ஆண்டுக் கணக்கு 1, 5, 52 என்று தாறுமாறாக ஓட, சராசரிக் கணக்கு 5, 14, 11 என்று விலையோடு சேர்ந்தே நகர்கிறது. 2023இல் மலிவு, 2024இல் மலிவு இல்லை, 2025இல் இரண்டுக்கும் நடுவில் என்று படிக்க முடிகிறது. நட்ட ஆண்டுகளையும் சேர்த்ததால்தான் இது கிடைத்தது. நட்டத்துக்கு பி.இ. போட முடியாது என்று அந்த இரண்டு ஆண்டுகளையும் பலர் அட்டவணையிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். அப்படி எடுத்தால் 2023இன் சராசரி 46இலிருந்து 95க்குத் தாவிவிடும். எடுக்கக்கூடாத ஆண்டுகள் அவைதான்.

சராசரிக்கும் குறை இல்லாமல் இல்லை. 2019-20இன் 2,078 கோடி நட்டத்தில் ஒரு பெரும் பகுதி, 2020 மார்ச்சில் கொரோனா பயத்தில் கச்சா எண்ணெய் விலை சரிந்தபோது தொட்டிகளில் இருந்த சரக்கின் மதிப்பு விழுந்ததால் வந்தது. அதை அப்படியே எடுப்பதா, பாதியாக எடுப்பதா என்பதில் ஆளுக்கு ஆள் கருத்து வேறுபடும். நான் அப்படியே எடுப்பேன். சரக்கு விலை சரிவதும் இந்தத் தொழிலில் அவ்வப்போது வரும் செலவுதான். ஏற்றத்தில் சரக்கின் மதிப்பு கூடிக் கிடைத்த லாபத்தை யாரும் கழித்துவிட்டுக் கணக்குப் போடுவதில்லையே.

லாப வளர்ச்சி வீதம் பி.இ.யைவிட நம்பகத்தன்மை குறைந்தது என்பதே என் முடிவு. கூட்டு வளர்ச்சி வீதம் தொடக்க ஆண்டையும் கடைசி ஆண்டையும் மட்டுமே பார்க்கிறது. நடுவில் நடந்தது எதுவும் அதற்குத் தெரியாது. 2016-17இலிருந்து 2022-23 வரை எடுத்தால் ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 23 சதவீத வளர்ச்சி. அதே தொடக்கத்திலிருந்து 2024-25 வரை எடுத்தால் ஆண்டுக்கு 20 சதவீதச் சரிவு. நிறுவனம் ஒன்றே, ஆண்டறிக்கைகளும் அவையே. கடைசி ஆண்டு மட்டும் இரண்டு நகர்ந்திருக்கிறது. 2019-20இல் தொடங்கினாலோ, நட்டத்திலிருந்து வளர்ச்சி வீதமே போட முடியாது. இதற்கும் கிரஹாம் ஒரு வழி சொன்னார்: முதல் மூன்று ஆண்டுச் சராசரியையும் கடைசி மூன்று ஆண்டுச் சராசரியையும் ஒப்பிடுவது. போட்டால் 577 கோடிக்கு எதிரில் 2,139 கோடி; ஆண்டுக்கு 24 சதவீதம். இதையும் நான் வளர்ச்சி என்று ஏற்கமாட்டேன். கடைசி மூன்றில் இரண்டு, போரால் பெருத்த ஆண்டுகள். ஆலையின் திறன் ஒரு டன்கூடக் கூடாத காலத்தில் வந்த லாபம் அது. வளர்ச்சி வீதம் போட்டபின், எவ்வளவு கூடுதலாகச் சுத்திகரித்தார்கள் என்பதை அறிக்கையின் செயல்பாட்டுப் பக்கத்தில் பார்க்காவிட்டால் அந்த வீதத்தை எழுதி வைப்பதிலேயே பயனில்லை.

பழைய அறிக்கைகளிலிருந்து எண்ணை எடுக்கும்போது வரும் வேறொரு பிழைக்கு ஓ.என்.ஜி.சி. நல்ல எடுத்துக்காட்டு. 2015-16 அறிக்கையில் அதன் நிகர லாபம் சுமார் 16,000 கோடி, இ.பி.எஸ். 18 ரூபாய் 70 காசு. அடுத்த ஆண்டு லாபம் சுமார் 17,900 கோடியாகக் கூடியது, இ.பி.எஸ். 14 ரூபாய்க்கும் குறைவு. லாபம் கூடும்போது இ.பி.எஸ். எப்படிக் குறையும்? 2016 டிசம்பரில் இரண்டு பங்குக்கு ஒன்று போனஸ் கொடுத்தார்கள். பங்குகள் ஒன்றரை மடங்காயின. பழைய 18.70ஐ ஒன்றரையால் வகுத்தால் சுமார் 12.47, அதிலிருந்து பார்த்தால்தான் உண்மையான ஏற்றம் தெரியும். தவிர்க்க எளிய வழி, ஒவ்வோர் அறிக்கையிலும் நடப்பு ஆண்டுக்கு அருகிலேயே அச்சாகியிருக்கும் முந்தைய ஆண்டு எண்ணை ஒப்பிட்டுக்கொள்வது. அது போன வருட அறிக்கையில் இருந்ததோடு பொருந்தாவிட்டால் ஏதோ மாறியிருக்கிறது. குறிப்புகளில் காரணம் இருக்கும்.

தனிக் கணக்கா, ஒருங்கிணைந்த கணக்கா என்பதையும் முதலிலேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். சென்னை பெட்ரோலியத்தின் 2024-25 லாபம் தனிக் கணக்கில் 174 கோடி. கூட்டு நிறுவனங்களின் பங்கைச் சேர்த்த ஒருங்கிணைந்த கணக்கில் 214 கோடி. லாபம் பெருத்த ஆண்டில் இந்த 40 கோடி கண்ணுக்கே தெரியாது. மெலிந்த ஆண்டில் அதுவே பி.இ.யை 52இலிருந்து 43க்குக் கொண்டுவந்துவிடுகிறது. ஒன்பது ஆண்டுகளுக்கும் ஒரே வகையை எடுத்தால் போதும்.

கடைசியாக, எத்தனை ஆண்டு அறிக்கை பார்த்தாலும் இந்தக் கணக்குக்குள் வராத ஒன்று பனங்குடியில் இருக்கிறது. பழைய ஆலைக்குப் பதிலாக ஆண்டுக்கு 90 லட்சம் டன் திறனில் புதிய ஆலை கட்ட 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அப்போதைய மதிப்பீடு 31,580 கோடி ரூபாய். நிறுவனத்தின் ஒன்பது ஆண்டு லாபத்தையும் நட்டத்தையும் கூட்டிக் கழித்தால் 7,649 கோடி வருகிறது. திட்டச் செலவில் கால் பங்கு. இந்தத் திட்டத்தில் எவ்வளவு யார் போடுவது, எவ்வளவு கடன் என்பதை, பங்கு வைத்திருப்பவர் ஒவ்வோர் ஆண்டும் இயக்குநர் அறிக்கையில் தேடிப் படிக்க வேண்டும். ஏனென்றால் 57 ரூபாய் என்று நாம் கண்டுபிடித்த சராசரி, பெரும்பாலும் மணலியையே நம்பியிருந்த காலத்தின் லாபம்.