தலைக்குத் தண்ணீர்: மூன்று தடைகளும் அவற்றின் தகுதியும்

காய்ச்சலில் தலைக்குக் குளிக்காதே, மாதவிலக்கில் குளிக்காதே, சாப்பிட்டதும் குளிக்காதே என்று மூன்று தடைகளை நம் வீடுகளில் ஒரே மூச்சில் சொல்கிறார்கள். மூன்றையும் ஒருங்கே ஏற்பதும் தவறு, ஒருங்கே தள்ளுவதும் தவறு. ஒரு தடையை எடைபோட இரண்டு கேள்விகள் போதும். அது சொல்லும் காரணம் உடலில் நடக்கிறதா? காரணம் பொய்த்தாலும், அதன் பின்னே ஒரு நல்ல கவனிப்பு இருக்கிறதா?

காய்ச்சல் தடையின் காரணம் நிற்கவில்லை. தலையில் நீர் கோத்துக்கொள்ளும், ஜன்னி கண்டுவிடும் என்பார்கள். குளித்த நீர் தோலையும் மண்டை ஓட்டையும் கடந்து உள்ளே போக வழியே இல்லை. சளியைத் தருவது வைரஸ். ஈரக் கூந்தல் அல்ல. ஆனால் கவனிப்பு உண்மையானது. காய்ச்சலில் மூளையின் ஹைபோதலாமஸ் உடல் வெப்பத்தின் இலக்கையே உயர்த்திவிடுகிறது. இலக்கு 102 டிகிரி, உடலோ இன்னும் 100 டிகிரியில்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது கை கால் சில்லிட்டு, பல் கிட்டி, போர்வை தேடும். நடுக்கம் என்பது தசைகள் வெப்பம் உண்டாக்கும் வேலை. இந்த நேரத்தில் பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றினால் தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கி, வெப்பம் உள்ளேயே தங்கும்; நடுக்கமும் கூடும். பாட்டிமார் கண்டது இதைத்தான். அதற்குக் காரணம் சொன்ன இடத்தில்தான் தவறினார்கள்.

அதே நோயாளி பாரசிட்டமால் போட்டு ஒன்றிரண்டு மணி நேரம் கழிந்தபின் வேறு நிலையில் இருப்பார். இலக்கு இறங்கிவிட்டது, நெற்றி வியர்க்கிறது, பாதம் வெதுவெதுக்கிறது. இப்போது வெதுவெதுப்பான நீரில், முக்காலியில் உட்கார்ந்து, சுருக்கமாகத் தலைக்குக் குளிக்கலாம். கதவைத் தாழிட வேண்டாம். மயக்கம் வந்தால் யாராவது உள்ளே வர முடிய வேண்டும். கூந்தலைத் துவட்டி உலர்த்திவிட்டால் குளிரும் எடுக்காது. இதில் கிடைப்பது ஆறுதல், சிகிச்சை அல்ல. வைரஸைக் குளியல் கழுவிவிடாது. எழுந்து நிற்கவே தள்ளாடுகிறவருக்கு ஈரத்துணியால் துடைப்பதே போதும்.

இந்தத் தடை ஆபத்தாக மாறும் இடங்களும் உண்டு. சித்திரை வெயிலில் வேலை செய்து, உடல் கொதித்து, பேச்சுக் குழறி விழுகிறவருக்கு வந்திருப்பது காய்ச்சல் அல்ல, வெப்பத்தாக்கு. அங்கே இலக்கு உயரவில்லை. வெப்பத்தை வெளியேற்றும் ஏற்பாடே தோற்றுவிட்டது. அவர்மேல் குளிர்ந்த நீரை உடனே, தாராளமாக ஊற்ற வேண்டும். கூடவே ஆம்புலன்ஸையும் அழைக்க வேண்டும். காய்ச்சல் என்று எண்ணிப் போர்த்துவது உயிரைப் பறிக்கும். அம்மை கண்டவருக்குத் தண்ணீர் விடும் நாள்வரை குளியலை நிறுத்துவதும் இப்படித்தான். வேப்பிலையும் தனிமையும் மரியாதைக்குரிய வழக்கங்கள். நோயாளியைப் பிறரிடமிருந்து விலக்கி வைத்தது நல்ல அறிவு. ஆனால் சொறிந்த கொப்புளத்தில் அழுக்குச் சேர்ந்தால் பாக்டீரியா புகுந்து சீழ் பிடிக்கும். சின்னம்மையில் தேய்க்காமல் தினமும் வெதுவெதுப்பான நீரில் குளித்து, துண்டால் ஒற்றி எடுப்பதே சரி.

மாதவிலக்குத் தடையில் முரண்பாடு வெளிப்படையாகவே தெரிகிறது. சில வீடுகளில் முதல் நாளே தலைக்குக் குளித்தாக வேண்டும். சில வீடுகளில் மூன்று நாள் தலையில் தண்ணீர் படக்கூடாது. இரண்டும் உடல்நலத்தின் பெயரால் சொல்லப்படுகின்றன. இரண்டும் ஒருசேர மெய்யாக இருக்க முடியாது. புரோஜெஸ்டிரான் குறைவதால் கருப்பையின் உட்சுவர் உதிர்கிறது. அதை வெளித்தள்ளும் சுருக்கத்தைப் புரோஸ்டாகிளாண்டின் தூண்டுகிறது. தலையில் விழும் நீர் இந்தத் தொடரில் எந்தக் கண்ணியையும் தொடுவதில்லை. உதிரம் தடைபடும், கர்ப்பம் தங்காது என்ற அச்சத்துக்கு ஆதாரமே இல்லை. வெந்நீரின் இதம் வயிற்றுவலியைத் தணிப்பது அன்றாட அனுபவம். உதிரப்போக்கு அதிகமாகி ரத்தசோகையால் தலைசுற்றும் பெண், நீராவி சூழ்ந்த குளியலறையில் நெடுநேரம் நிற்காமல் இருந்தால் போதும். அந்த அளவு போக்குக்கு மருத்துவரைப் பார்ப்பது, குளிப்பதா வேண்டாமா என்ற கேள்வியைவிட அவசரம்.

சாப்பாட்டுத் தடையை நான் முழுதாகத் தள்ளமாட்டேன். குளித்தால் செரிமானம் நின்றுவிடும் என்ற வாதம் மிகை. உண்டபின் குடலுக்கு ரத்தம் கூடுதலாகப் போவது உண்மைதான். ஆரோக்கியமான உடல் இதயத் துடிப்பை உயர்த்தி அதைச் சமாளிக்கும். ஆனால் வயதானவர்கள், நரம்பு பாதித்த நீரிழிவு நோயாளிகள், ரத்தக்கொதிப்பு மாத்திரை எடுப்பவர்கள் சிலருக்கு அந்தச் சமாளிப்பு தளர்ந்திருக்கும். சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் அவர்களின் ரத்த அழுத்தம் 20 புள்ளிக்கும் மேல் இறங்கலாம். அதன்மேல் சுடுநீர் தோலின் குழாய்களையும் விரித்துவிட்டால், குளியலறைத் தரையில் விழுவார்கள். குற்றம் தலையில் ஊற்றிய நீருடையது அல்ல, அதன் சூட்டினுடையது. இளைஞன் சாப்பிட்ட கையோடு குளிக்கப் போனால் யாரும் தடுக்க வேண்டியதில்லை. எழுபது வயதுத் தாத்தாவுக்குச் சாப்பாட்டுக்கு முன்பே தண்ணீர் விளாவி வைப்பது நல்லது.