எட்டுத் தூண்களும் ஒரு பரிந்துரைக் கடிதமும்

தனக்குக் கீழே நான்கு ஆண்டுகள் வேலை பார்த்த சைட் இன்ஜினியர் ஒருவரை ப்ராஜெக்ட் இன்ஜினியராக உயர்த்தலாம் என்று ஒரு சீனியர் இன்ஜினியர் எழுதிய இரண்டு பக்கக் கடிதம் இது. அடுக்குமாடிக் குடியிருப்பு வேலை. பரிந்துரைக்கப்படுபவர் ஒரு பெண். பதவி உயர்வுக் குழுவில் இருந்தவன் என்ற முறையில் அந்தக் கடிதம் என் கைக்கு வந்தது. பெயர்களையும் இடத்தையும் விட்டுவிட்டு, கடிதம் எதைச் சொல்கிறது, அதில் எது நிற்கும், எது நிற்காது என்பதை மட்டும் பார்க்கிறேன்.

முதல் பக்கம் முழுக்கப் பாராட்டு. காலை ஏழு மணிக்கு முன்பே சைட்டில் இருப்பார், டிராயிங்கை வரி விடாமல் படிப்பார், கம்பி கட்டுகிறவர்களிடமும் ஷட்டரிங் ஆட்களிடமும் நல்ல பெயர், லெவல் பார்ப்பதில் பிசகே கிடையாது. இவை எல்லாம் உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் இவற்றில் ஒவ்வொன்றும் அவர் இப்போது பார்க்கும் வேலைக்குத்தான் சான்று. சைட் இன்ஜினியரின் உலகம் அன்றைய காஸ்டிங்கோடு முடிகிறது. ப்ராஜெக்ட் இன்ஜினியர் அடுத்த மாதத்து வேலைத் திட்டத்தையும், சப்-கான்ட்ராக்டரின் பில்லையும், கன்சல்டன்ட்டுக்குப் போகும் கடிதத்தையும் கையில் வைத்திருப்பவர். எந்த வேலையை எப்போது நிறுத்துவது என்று முடிவெடுத்து, நிறுத்தியதால் வரும் செலவுக்கும் பதில் சொல்ல வேண்டியவர். இருக்கும் நாற்காலியில் நன்றாக உட்கார்ந்தார் என்பது அடுத்த நாற்காலிக்குத் தகுதி ஆகாது. முதல் பக்கத்தை ஒதுக்கிவைப்பதால் அந்தப் பெண்ணுக்கு நான் எந்த அநியாயமும் செய்துவிடவில்லை.

அந்தப் பக்கத்தில் ஒரு வாக்கியத்தை மட்டும் ஒதுக்கினால் போதாது, கண்டிக்கவும் வேண்டும். ‘பெண்ணாக இருந்தும் இரவு காஸ்டிங்குக்கு ஒருநாளும் மறுப்புச் சொன்னதில்லை.’ எழுதியவர் மனதாரப் பாராட்டியதாகவே நினைத்திருப்பார். படிப்பவர் மனதில் விழுவது வேறு: இவரிடம் இதை எதிர்பார்த்திருக்க மாட்டோம் என்ற எண்ணம். அமெரிக்காவில் ஒரு மருத்துவக் கல்லூரிக்கு வந்த முந்நூற்றுச் சொச்சம் பரிந்துரைக் கடிதங்களை ஆராய்ந்து டிரிக்ஸ், சென்கா என்ற இருவர் 2003-இல் வெளியிட்ட ஆய்வு உண்டு. பெண்களுக்கு எழுதப்பட்ட கடிதங்கள் சராசரியாகச் சிறியவை. உழைப்பைப் புகழ்வதும், சந்தேகத்தைக் கிளப்பும் வாக்கியங்களும் அவற்றில் அதிகம் என்று அவர்கள் கண்டார்கள். துறையும் நாடும் வேறுதான். ஆனாலும் நம் கடிதத்தின் முதல் பக்கம் அந்த அச்சில்தான் வார்க்கப்பட்டிருக்கிறது: உழைப்பு நிறைய, தீர்மானம் ஒன்றுகூட இல்லை.

இரண்டாம் பக்கத்தில்தான் விஷயம் இருக்கிறது. அங்கே இரண்டு சாதனைகள் சொல்லப்படுகின்றன. ஒன்று கம்பிச் சேதாரம். சேதாரம் 5.2 சதவீதத்திலிருந்து 2.8 சதவீதமாகக் குறைந்தது, காரணம் இவர் என்கிறது கடிதம். குழுவில் மற்றவர்கள் கண் முதலில் போனது இந்த எண்ணில்தான். எனக்கு இந்த எண்ணின் மேல்தான் நம்பிக்கை குறைவு.

வெட்டுவதில் மிச்சம் பிடித்தார் என்பது நம்பக்கூடியதே. கம்பி வழக்கமாகப் பன்னிரண்டு மீட்டர் நீளத்தில் வரும். பீமுக்கு 4.5 மீட்டர் துண்டு வேண்டுமானால் ஒரு கம்பியில் இரண்டு வெட்டலாம், மூன்று மீட்டர் மிஞ்சும். பார் பெண்டிங் ஷெட்யூலை ஒவ்வொரு பீமுக்கும் தனித்தனியாகப் போட்டால் அந்த மூன்று மீட்டர் ஸ்க்ராப்புக்குப் போகும். மாடி முழுவதற்கும் சேர்த்துப் போட்டால் அதே துண்டுக்கு வேறோர் இடம் கிடைக்கும். இதைத்தான் அவர் செய்தார் என்று கடிதமும் சொல்கிறது.

ஆனால் சேதாரக் கணக்கு வெட்டுவதை மட்டும் பொறுத்ததல்ல. கம்பி உள்ளே வரும்போது வேபிரிட்ஜ் எடை. கட்டடத்துக்குள் போனதாக எழுதுவதோ விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுத்து வரும் கணக்கு எடை. மில்லில் உருட்டும்போது உண்மை எடை கொஞ்சம் கூடலாம், குறையலாம். ஐ.எஸ். 1786 பதினாறு மி.மீ.க்கு மேற்பட்ட கம்பிகளுக்கு மூன்று சதவீதமும், பத்து மி.மீ. வரையிலான கம்பிகளுக்கு ஏழு சதவீதமும் இப்படி இருபுறமும் அனுமதிக்கிறது. எடை குறைவாக உருட்டும் மில்லுக்கு நடுவில் மாறியிருந்தால், யாரும் ஒரு துண்டைக்கூட மிச்சப்படுத்தாமலே ஏட்டில் சேதாரம் இரண்டு சதவீதம் இறங்கிவிடும். எந்த மாதங்கள், எத்தனை டன், ஒரே மில்லின் கம்பியா என்று கடிதம் சொல்லவில்லை. இந்த மூன்றும் இல்லாத 2.8 என்பது வெறும் அலங்காரம். பார் பெண்டிங் ஷெட்யூலை மாற்றினார் என்பதை ஏற்கலாம். சதவீதத்தை ஏற்க முடியாது.

இரண்டாவது சாதனைக்கு எண்ணை வைத்து சீனியர் பெருமை அடிக்கவில்லை. நடந்ததை எழுதியிருக்கிறார். மூன்றாம் மாடித் தூண்கள் எம்-35 கான்கிரீட். 28-ஆம் நாள் க்யூப் டெஸ்ட் முடிவு வந்தபோது அதற்கு மேலே இரண்டு ஸ்லாப் ஏறியாகிவிட்டது. மூன்றாவதற்கு ரெடிமிக்ஸ் சொல்லியாகிவிட்டது. ஒரு மாதிரியின் மூன்று க்யூப்களும் காட்டிய பலம் 36.1, 34.8, 27.4. சராசரி ஏறத்தாழ 32.8. ஐ.எஸ். 456-இன் இப்போதைய விதிப்படி எந்த ஒரு மாதிரியும் குறித்த பலத்திலிருந்து மூன்றுக்கு மேல் இறங்கக் கூடாது, அதாவது இங்கே 32. தொடர்ந்து வரும் நான்கு மாதிரிகளின் சராசரிக்குத் தனி விதி உண்டு. அது அப்போது சிக்கலாக இல்லை. 32.8 என்பது 32-க்கு மேல்தானே என்று ரிப்போர்ட்டில் ‘ஓகே’ போட்டுக் கையெழுத்தும் ஆகிவிட்டது.

அதே ஐ.எஸ். 456-இல் இன்னொரு வரி இருக்கிறது. மூன்று க்யூப்களில் எதுவும் சராசரியிலிருந்து பதினைந்து சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. விலகினால் அந்த மாதிரியே செல்லாது. 32.8-இல் பதினைந்து சதவீதம் கழித்தால் 27.9. நம்மிடம் இருப்பது 27.4. ஆக இது பாஸும் இல்லை, ஃபெயிலும் இல்லை. அந்தக் கான்கிரீட்டைப் பற்றி இந்த மாதிரி எதுவுமே சொல்லவில்லை. இதைக் கண்டுபிடித்தவர் இவர். சைட்டில் இந்த இடத்தில் வழக்கமாக நடப்பது வேறு. க்யூப் சரியாகக் குத்தவில்லை, மோல்டு கோணல் என்று மூன்றாவதைத் தள்ளிவிட்டு மற்ற இரண்டின் சராசரியை எழுதுவார்கள், 35.45 என்று அழகாக வரும்.

அடுத்த கேள்வி, அந்தக் கான்கிரீட் எங்கே போனது என்பது. பெரும்பாலான சைட்டுகளில் போர் கார்டில் தேதியும் மாடியும் கிரேடும்தான் இருக்கும். இவர் தன் போர் கார்டில் கூடுதலாக ஒரு கட்டம் சேர்த்து, எந்த லாரி எந்தத் தூணுக்கு என்று எழுதிவந்திருக்கிறார். அதனால் அந்த ஆறு கன மீட்டர் லாரி நிரப்பிய எட்டுத் தூண்களையும் பெயர் சொல்லிக் காட்ட முடிந்தது. அந்தக் கட்டம் இல்லாதிருந்தால் மாடி முழுவதும் சந்தேகத்துக்குள் போயிருக்கும். ரீபவுண்ட் ஹேமரால் எட்டையும் பக்கத்துத் தூண்களோடு ஒப்பிட்டார்கள். கம்பி எங்கே ஓடுகிறது என்று ரீபார் லொகேட்டரில் பார்த்துவிட்டு, கன்சல்டன்ட் குறித்துக் கொடுத்த மூன்று இடங்களில் கோர் எடுத்தார்கள். க்யூப் பலமாக மாற்றிய கணக்கில் 33.2, 30.9, 31.6. கோருக்கு விதி வேறு: சராசரி குறித்த பலத்தில் 85 சதவீதமாவது இருக்க வேண்டும், எந்தக் கோரும் 75-க்குக் கீழே போகக் கூடாது. எம்-35-க்கு அவை 29.75-உம் 26.25-உம். சராசரி 31.9 வந்தது, தூண்கள் தேறின. ஸ்லாப் தாமதமானது, ஷட்டரிங் ஆட்கள் சும்மா இருந்த நாட்களுக்குக் கூலி போனது.

இந்தப் பத்தியில் ஓர் ஓட்டை இருக்கிறது. கடிதத்தின் சொற்களிலேயே சொன்னால்: ‘விஷயம் என் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டது. காஸ்டிங் நிறுத்தப்பட்டது. கன்சல்டன்ட்டுக்குத் தெரிவிக்கப்பட்டது.’ யார் நிறுத்தினார்? யார் தெரிவித்தார்? சொந்தத் தரப்பின் பலவீனத்தைக் கன்சல்டன்ட்டுக்கு எழுத்தில் சொல்வது கான்ட்ராக்டருக்குச் சங்கடமான வேலை. ஒரு ப்ராஜெக்ட் இன்ஜினியரை அடையாளம் காட்டும் இடமே அதுதான். அந்த இடத்தில் கடிதம் எழுவாயை விழுங்கிவிட்டது. பணிவு காரணமாக இருக்கலாம். முடிவை எடுத்தது சீனியராகவே இருந்து, அதை இளையவர் கணக்கில் எழுதத் தயக்கமாகவும் இருக்கலாம். கடிதத்தை மட்டும் வைத்து இதைத் தீர்க்க வழியில்லை. நிறுத்தியது அவர்தான் என்று குழுவில் சிலர் ஊகித்துக்கொண்டார்கள். அந்த ஊகத்தை நான் ஏற்கவில்லை.

ஆனாலும் இந்தப் பத்தி விழுந்துவிடாததற்கு இரண்டு காரணங்கள். ‘ஓகே’ என்று கையெழுத்துப் போட்டது தானே என்று சீனியர் அடுத்த வரியில் எழுதியிருக்கிறார். தன் பெயருக்கே இழுக்கு வரும் ஒன்றை யாரும் இட்டுக்கட்டி எழுத மாட்டார்கள். ஆகவே ரிப்போர்ட்டைத் திருப்பிப் படித்துக் குறையைச் சொன்னது இளையவர்தான் என்பது உறுதி. தன் சீனியர் கையெழுத்திட்ட தாளில் தப்பு இருக்கிறது என்று சொல்ல என்ன வேண்டும் என்பது சைட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும். இரண்டாவது, போர் கார்டில் அவர் சேர்த்த அந்தக் கட்டம். காஸ்டிங்கை நிறுத்தியது யார் என்பதில் சந்தேகம் இருக்கலாம், அந்தக் கட்டத்தைப் பற்றி இருக்க முடியாது. அதைச் சேர்த்தபோது க்யூப் எதுவும் விழவில்லை, சேர்க்கும்படி யாரும் கேட்கவும் இல்லை. வரக்கூடிய தகராறுக்கு இன்றே தாள் தயார் செய்வதுதான் ப்ராஜெக்ட் இன்ஜினியரின் அன்றாட வேலை.

கடிதம் பேசாமல் விட்டதும் கணக்கில் வர வேண்டும். ஆர்.ஏ. பில், சப்-கான்ட்ராக்ட் அளவுகள், கால நீட்டிப்புக் கடிதங்கள் இவற்றுக்கெல்லாம் சேர்த்து ‘பில்லிங்கிலும் பழக்கம் உண்டு’ என்ற ஒரே வரி. அதே எட்டுத் தூண் விவகாரத்தில் ஷட்டரிங் கான்ட்ராக்டர் சும்மா இருந்த கூலி கேட்டாரா, அதற்கு யார் என்ன பதில் எழுதினார் என்று இரண்டு வரி சேர்த்திருந்தால் கடிதத்தின் மதிப்பு இரட்டித்திருக்கும். இளையவர் அந்த வேலையைச் செய்யாததால் எழுதவில்லை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

என் தீர்ப்பு: கடிதமாக இது பாதிக்கு மேல் வீண். முதல் பக்கமும் கம்பிச் சதவீதமும் கணக்கில் சேரக் கூடாது. தூண்களைப் பற்றிய பத்தியில், காஸ்டிங்கை நிறுத்திய பெருமையை யார் கணக்கிலும் வைக்காமல், குறையைக் கண்டு சொன்னதையும் போர் கார்டையும் மட்டும் எடுத்துக்கொண்டாலே பதவி உயர்வுக்குப் போதும் என்று குறிப்பு எழுதினேன். முதல் மூன்று ஆர்.ஏ. பில்களைப் பில்லிங் இன்ஜினியர் ஒருவர் சரிபார்த்த பிறகே இளையவர் கையெழுத்தில் அனுப்ப வேண்டும் என்ற நிபந்தனையோடு.