உலகக் குடிமகனும் நாடற்றவரும்

1948 மே மாதம் பாரிஸிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தில் கேரி டேவிஸ் தன் குடியுரிமையைத் துறந்தார். உலகப் போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர் அவர். தேசங்கள் தனித்தனி இறையாண்மையோடு இருக்கும்வரை போர் ஓயாது என்ற முடிவுக்கு வந்திருந்தார். நவம்பர் 19 அன்று, அங்கே கூடியிருந்த ஐ.நா. பொதுச்சபையில் இடைமறித்து உலக அரசு வேண்டுமென்று குரல் எழுப்பினார். எழுத்தாளர் அல்பேர் காம்யு அவருக்குத் துணை நின்றார்.

அதற்கு நான்கு நாள் முன்னர்தான் இலங்கையில் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. தானும் தன் தகப்பனும் இலங்கையில் பிறந்ததை ஒருவர் நிரூபிக்க வேண்டும், அல்லது பாட்டன், பூட்டன் வரை போக வேண்டும். தோட்டத்து லயத்தில் பிறந்தவரிடம் அதற்கான பத்திரம் ஏது? மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர்.

உலகக் குடிமை என்ற கருத்தின் பலவீனம் இங்கேதான் தெரிகிறது. உரிமை என்றால் அதைத் தரக் கடமைப்பட்ட ஒருவர் வேண்டும். டேவிஸ் 1954இல் உலகக் கடவுச்சீட்டு வழங்க ஓர் அமைப்பையே நிறுவினார்; பெரும்பாலான எல்லைகளில் அது செல்லவில்லை. 1922இல் தொடங்கிய நான்சென் கடவுச்சீட்டோ நாடிழந்த ரஷ்ய அகதிகளைப் பல நாடுகளுக்குள் கொண்டு சேர்த்தது. காரணம், அரசுகளே கூடி அதை ஏற்றிருந்தன. நாடற்றவராகப் பல ஆண்டுகள் வாழ்ந்த சிந்தனையாளர் ஹன்னா அரெண்ட், மனிதர் என்ற தகுதி மட்டுமே எஞ்சியவரைக் காக்க யாருமில்லை என்று வாதிட்டது அனுபவத்திலிருந்து வந்த வாதம்.

அப்படியானால் தேசப் பற்றே போதுமா? போதாது என்பதற்கு மலையகமே சாட்சி. சட்டத்தை இயற்றியது வாக்குப் பெற்ற நாடாளுமன்றம். 'நம்மவர்' யார் என்று தீர்மானிக்கும் அதிகாரம் நம்மவர் என்போரிடமே இருந்தால், வெளியே தள்ளப்பட்டவர் எந்த மன்றத்தில் முறையிடுவார்? 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நாடற்ற 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டார்கள். மீதிப் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். தொழிலாளரின் விருப்பம் கேட்கப்படவில்லை. இரு அரசுகளும் தத்தம் தேசநலனைக் காத்தன. அந்த அளவுகோலுக்குள் நின்று இதைத் தவறு என்று சொல்ல வழியே இல்லை. எல்லைக்கு அப்பாலும் செல்லுபடியாகும் மனித நீதி ஒன்று உண்டு என்பவரால்தான் சொல்ல முடியும்.

ஆகவே நாட்டுக்கு மாற்றாக உலகக் குடிமையை வைப்பதை நான் ஏற்கவில்லை. ஆனால் குடியுரிமையைப் பறிக்கும் அரசின் கைக்கு அது விலங்காக வேண்டும். தம் மண்ணில் பிறந்து வேறெந்த நாட்டுரிமையும் இல்லாதவருக்கு அரசுகளே குடியுரிமை தர வேண்டுமென்கிறது 1961இன் ஐ.நா. உடன்படிக்கை. மலையகத்தில் எஞ்சியிருந்தோருக்கு இலங்கை 2003இல் சட்டமியற்றிக் குடியுரிமை வழங்கியது. அந்த உடன்படிக்கையில் மட்டும் இலங்கையும் சேரவில்லை, இந்தியாவும் சேரவில்லை.