பொதுச் சதவீதமும் பொது நியாயமும்

சந்தவாசலில் பி.எட். முடித்த பெண்கள் இருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இருவரும் தமிழ்ப் பட்டதாரி ஆசிரியர் பணிக்குக் காத்திருக்கிறார்கள். வேலை கிடைத்தால் ஊரிலேயே கற்பிக்கலாம். ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர்ப் பக்கம் போகச் சொன்னாலும் இருவருக்கும் சம்மதமே. மூத்தவர் 1998இல் பிளஸ் டூ முடித்தவர், இளையவர் 2008இல். 2013 ஆகஸ்டில் நடந்த ஆசிரியர் தகுதித் தேர்வில் மூத்தவர் 150க்கு 101 எடுக்கிறார், இளையவர் 92. பட்டியல் வரும்போது இளையவர் மேலே இருக்கிறார். எந்தத் தாளும் தவறாகத் திருத்தப்படவில்லை. மதிப்பெண்களை ஒன்றுசேர்த்த முறையில்தான் இந்த மாற்றம் நேர்ந்தது.

ஆசிரியர் தேர்வு வாரியத்தின் முன் ஒவ்வொரு விண்ணப்பதாரருக்கும் நான்கு மதிப்பெண்கள் இருந்தன: அன்றைய பிளஸ் டூவில் 1200க்கு எடுத்தது, பட்டப்படிப்பில் எடுத்தது, பி.எட்.டில் எடுத்தது, தகுதித் தேர்வில் 150க்கு எடுத்தது. பட்டப்படிப்பின் மொத்த மதிப்பெண் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் வேறுபடும். இவற்றை அப்படியே கூட்டினால் 1200க்கு நடந்த தேர்வு 150க்கு நடந்ததை விழுங்கிவிடும். ஆசிரியராகும் தகுதியை நேரடியாகச் சோதித்த தேர்வு, கூட்டலில் ஓரமாகக் கிடக்கும். ஆகவே எல்லாவற்றையும் ஏதோ ஒரு பொது அளவுக்குக் கொண்டுவந்தே தீர வேண்டியிருந்தது. அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை.

2012இல் வந்த அரசாணை 252 இதைப் படிநிலைகளாகச் செய்தது. தகுதித் தேர்வுக்கு 60, மற்ற மூன்றுக்கும் சேர்த்து 40 என்று வெயிட்டேஜ் பிரிக்கப்பட்டது. தகுதித் தேர்வில் 60 சதவீதத்திலிருந்து 70க்குள் எடுத்தவர் எல்லோருக்கும் 42. 70ஐத் தொட்டுவிட்டால் 48. ஆக, 90 எடுத்தவரும் 104 எடுத்தவரும் சமம். 104க்கும் 105க்கும் இடையிலோ ஆறு மதிப்பெண் பள்ளம். ஒரே ஒரு வினா ஒருவரின் வேலையைப் பறித்துவிடும். பதினான்கு வினாக்களைக் கூடுதலாகச் சரியாக எழுதியவருக்குப் பலனே இருக்காது. 2014 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் இந்த முறையை ரத்துசெய்தது. மே 30 அன்று வந்த அரசாணை 71, எடுத்த மதிப்பெண்ணை நேரடியாகச் சதவீதமாக்கி அதை வெயிட்டேஜால் பெருக்கும் முறையைக் கொண்டுவந்தது: பிளஸ் டூவுக்கு 10, பட்டத்துக்கு 15, பி.எட்.டுக்கு 15, தகுதித் தேர்வுக்கு 60.

இந்த மாற்றம் உண்மையான முன்னேற்றம் என்றே சொல்வேன். இப்போது தகுதித் தேர்வின் ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் 0.4 கிடைத்தது, எந்த இடத்திலும் பள்ளம் இல்லை. யார் வேண்டுமானாலும் தாளும் பேனாவும் வைத்துத் தன் கணக்கைச் சரிபார்க்கலாம். பல்லாயிரம் பேர் போட்டியிடும் ஒரு தேர்வில் இந்த வெளிப்படைத்தன்மை சிறிய விஷயம் அல்ல.

சந்தவாசல் பெண்களின் கணக்கை இந்த முறையில் போட்டுப் பார்ப்போம். மூத்தவர் பிளஸ் டூவில் 742, அதாவது 61.83 சதவீதம்; அதற்கு 6.18. பட்டத்தில் 56 சதவீதம், 8.40. பி.எட்.டில் 68 சதவீதம், 10.20. தகுதித் தேர்வின் 101க்கு 40.40. மொத்தம் 65.18. இளையவருக்குப் பிளஸ் டூவில் 1038, அதற்கு 8.65. பட்டத்தில் 78 சதவீதத்துக்கு 11.70, பி.எட்.டில் 84 சதவீதத்துக்கு 12.60, தகுதித் தேர்வின் 92க்கு 36.80. மொத்தம் 69.75. தகுதித் தேர்வில் ஒன்பது மதிப்பெண் முந்தியதால் மூத்தவருக்குக் கிடைத்தது 3.60, பழைய மதிப்பெண்களால் அவர் இழந்தது 8.17. இளையவரைத் தாண்ட அவர் 113 எடுத்திருக்க வேண்டும், அதாவது இளையவரைவிட 21 கூடுதலாக.

தகுதித் தேர்வுக்குத்தானே 60 கொடுத்தார்கள், பிறகு எப்படி 40 வென்றது? இந்த முறையின் ஆழமான குறை இங்கேதான் இருக்கிறது. அறிவிக்கப்பட்ட எடை வேறு, பட்டியலில் உண்மையில் வேலை செய்யும் எடை வேறு. அன்று தகுதித் தேர்வில் சலுகை பெற்ற பிரிவினருக்கும் 82 எடுத்தால்தான் தேர்ச்சி. ஆகவே பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் அறுபதில் 32.8 உறுதி. எல்லோரிடமும் இருக்கும் அந்தப் பகுதி யாரையும் யாரிடமிருந்தும் பிரிக்காது. தேர்ச்சி பெற்றவர்களில் பெரும்பாலோர் 82க்கும் 110க்கும் இடையில் இருந்தால், அவர்களைப் பிரிப்பது 11.2 மட்டுமே. மற்ற மூன்று படிப்புகளிலோ ஒருவர் 50 சதவீதத்திலும் இன்னொருவர் 85 சதவீதத்திலும் இருக்கலாம். 40இல் அது 14 ஆகும். மதிப்பெண்கள் எங்கே அதிகம் சிதறிக் கிடக்கின்றனவோ அந்தத் தேர்வே வரிசையைத் தீர்மானிக்கும். சதவீதமாக்குவது மொத்த மதிப்பெண்ணைத்தான் சமமாக்குகிறது, சிதறலைத் தொடுவதில்லை.

அடுத்த குறை காலம் சார்ந்தது. 1998இல் எடுத்த 62 சதவீதமும் 2008இல் எடுத்த 62 சதவீதமும் தாளில் ஒரே எண்தான். ஆனால் பாடத்திட்டம் மாறியிருக்கிறது, வினாத்தாள் மாறியிருக்கிறது, திருத்தும் கை தாராளமாகியிருக்கிறது. ஒரே ஆண்டுக்குள்ளும் வேறுபாடு உண்டு. அன்றைய பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகியவற்றில் 200க்கு 50 செய்முறைத் தேர்வுக்குப் போனது. வரலாறு படித்தவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. பின்னாளில் இருவரும் தமிழில் பட்டம் பெற்று ஒரே பட்டியலில் நிற்கக்கூடும். அரசாணை 71ஐ எதிர்த்து வழக்குத் தொடுத்தவர்களின் முக்கிய முறையீடுகளில் ஒன்று, முன்பே படித்து முடித்தவர்கள் பின்தள்ளப்படுகிறார்கள் என்பது. 2016 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த அரசாணை செல்லும் என்று தீர்ப்பளித்தது. சட்டத்தின் கண்ணில் அது முடிந்துபோனது. அளவையியலின் கண்ணில் முடியவில்லை.

இதற்கு மாற்று என்ன? பொறியியல் சேர்க்கையில் வெவ்வேறு வாரிய மாணவர்களைச் சமன்செய்ய தமிழ்நாட்டில் ஒரு வழி உண்டு. ஒரு பாடத்தில் மாநில வாரியத்தின் உச்ச மதிப்பெண் 100, இன்னொரு வாரியத்தில் 90 என்றால், அங்கே 60 எடுத்தவருக்கு 66.66 ஆக்குவார்கள். ஆசிரியர்கள் விஷயத்தில் இது உதவாது. பல பாடங்களில் முழு மதிப்பெண் எடுப்பவர் 1998இலும் இருந்தார், 2008இலும் இருந்தார். உச்சியை மட்டும் பார்த்தால் இரண்டு ஆண்டுகளும் ஒன்றாகவே தெரியும். நடுவில் நிற்கும் பல லட்சம் பேர் மேலே நகர்ந்தது தெரியாது. அந்தந்த ஆண்டில் தேர்வெழுதியவர்களில் எத்தனை சதவீதம் பேருக்கு மேலே ஒருவர் நின்றார் என்று பார்ப்பதே பொருந்தும். பிளஸ் டூவுக்கு அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் முழு ஆண்டு முடிவுகளைக் கொண்டு இதைச் செய்யலாம். பி.எட்.டுக்கும் 2008இல் ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் வந்தபின் ஓரளவு முடியும். பட்டப்படிப்பில்தான் சிக்கல்: தன்னாட்சிக் கல்லூரி ஒன்றின் வகுப்பில் முப்பது பேரே இருந்தால் அந்த இடவரிசையை எவ்வளவு நம்புவது?

அரசு இந்த வழியில் போகவில்லை. 2018 ஜூலையில் வெயிட்டேஜையே கைவிட்டு, தகுதித் தேர்வில் தேறியவர்களுக்குத் தனிப் போட்டித் தேர்வு என்று அறிவித்தது. ஒரே ஆண்டில் ஒரே தாளை எல்லோரும் எழுதும்போது வெவ்வேறு மொத்தங்களை இணைக்கும் தேவையே எழாது. அந்த வகையில் முடிவு சரியானது. ஆனால் பட்டதாரி ஆசிரியர்களுக்கான அந்தத் தேர்வு 2024 பிப்ரவரியில்தான் நடந்தது. 2013இல் 101 எடுத்த ஒருவர் அதற்குள் நாற்பதைத் தாண்டியிருப்பார், மறுபடி முதலிலிருந்து படிக்க உட்கார்ந்திருப்பார். 2014 மே மாதத்திலேயே அரசாணையை எழுதும் முன், கையிலிருந்த விண்ணப்பங்களைக் கொண்டு ஒவ்வொரு மதிப்பெண்ணும் எவ்வளவு சிதறியிருக்கிறது என்று ஒருமுறை கணக்கிட்டிருந்தால், 60 என்று எழுதிய எடை உண்மையில் எவ்வளவு என்பது அன்றே தெரிந்திருக்கும்.