பத்து நிமிடத்தில் மாரியப்பன்: ஸ்லைடுக்கு முன் ஒரு வாக்கியம்

பத்து நிமிடப் பேச்சில் கேட்பவர் மனத்தில் தங்குவது ஒரு கருத்துதான். அது எது என்பதைப் பேச்சாளர் முதலில் தீர்மானிக்க வேண்டும். ஸ்லைடு தயாரிப்பு அதற்குப் பிறகுதான். இந்த வரிசை தலைகீழானால் கையிலிருக்கும் படங்களும் அட்டவணைகளும் கருத்தைத் தீர்மானிக்கத் தொடங்கிவிடும். விளையாட்டு அலசலில் இந்தச் சிக்கல் மிக அதிகம். அங்கே எண்களுக்குப் பஞ்சமே இல்லை. எல்லாவற்றையும் காட்டிவிடலாம் என்ற ஆசையும் கூடவே வரும்.

கணக்கு எளிது. மேடையில் நிதானமாகத் தமிழ் பேசுபவர் நிமிடத்துக்கு ஏறத்தாழ நூறு சொல் பேசுவார். பத்து நிமிடத்துக்கு ஆயிரம் சொல். வணக்கமும் தொடக்கமும் முடிவுரையும் சேர்ந்து இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்ளும். மீதி எட்டு நிமிடத்தில் ஒரு கருத்தைச் சொல்லி, அதற்கு இரண்டு மூன்று சான்று காட்டி, எழக்கூடிய ஒரு மறுப்புக்குப் பதிலும் சொல்லலாம். இரண்டாவது கருத்துக்கு அதில் இடமில்லை.

சேலம் மாவட்டத்தின் பெரியவடகம்பட்டியில் பிறந்த உயரம் தாண்டுதல் வீரர் மாரியப்பன் தங்கவேலுவை எடுத்துக்கொள்ளலாம். அவரைப் பற்றிச் சேலத்தில் உடற்கல்வி ஆசிரியர்களும் பயிற்சியாளர்களும் கூடியிருக்கும் அரங்கில் பத்து நிமிடம் பேச வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கையில் நிறைய விவரம் இருக்கிறது. ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது கால் சிதைந்தது. ரியோ 2016 பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். 2021இல் நடந்த டோக்கியோ போட்டியில் 1.86 மீட்டருக்கு வெள்ளி, பாரிஸ் 2024இல் 1.85 மீட்டருக்கு வெண்கலம். பாரிஸுக்குச் சில மாதங்கள் முன்பு, 2024 மே மாதம் ஜப்பானின் கோபே நகரில் நடந்த உலகப் போட்டியில் 1.88 மீட்டர் தாண்டித் தங்கம். இவற்றுடன் பத்மஸ்ரீயும் கேல் ரத்னாவும்.

இவை அனைத்தையும் வரிசையாக ஸ்லைடில் ஏற்றினால் பதினைந்து ஸ்லைடு சேரும், பேச்சு மட்டும் சேராது. காரணம், ‘மாரியப்பனின் உயரம் தாண்டுதல்’ என்பது ஒரு பொருளின் பெயர், அவ்வளவே. அதை யாரும் ஏற்கவோ மறுக்கவோ முடியாது. கருத்து என்பது பயனிலையோடு முடிகிற முழு வாக்கியம். அதைக் கேட்கும் ஒருவர் ‘அப்படியா, எதை வைத்துச் சொல்கிறீர்கள்?’ என்று கேட்கும்படி இருக்க வேண்டும். ஆகவே முதல் வேலைக்குக் கணினி தேவையில்லை. ஒரு தாளில் அப்படிப்பட்ட வாக்கியங்களை எழுதிப் பார்ப்பதும், ஒவ்வொன்றையும் கையிலுள்ள எண்களோடு மோதவிடுவதும்தான் வேலை.

முதலில் வந்து நிற்பது ‘வறுமையையும் விபத்தையும் வென்று உலகின் உச்சிக்குப் போனவர் மாரியப்பன்’ என்ற வாக்கியம். அது உண்மைதான். ஆனால் சேலத்துப் பயிற்சியாளர்களுக்கு அது தெரிந்த செய்தி. அதைக் கேட்டுவிட்டு மறுநாள் மைதானத்தில் அவர்கள் மாற்றிச் செய்யப் போவது எதுவும் இல்லை. பாராட்டு விழாவுக்குப் பொருந்தும் இந்த வாக்கியம் இந்த அரங்குக்குப் பொருந்தாது.

அடுத்தது, பதக்கப் பட்டியல் தானாகவே தூண்டும் வாக்கியம்: ‘தங்கம், வெள்ளி, வெண்கலம் என மாரியப்பன் படிப்படியாக இறங்கியிருக்கிறார்.’ இதை எவரும் மறுக்கலாம், ஆகவே இது கருத்துதான். ஆனால் எண்கள் இதைத் தாங்கவில்லை. கோபேயில் தாண்டிய 1.88 மீட்டர் ரியோவின் உயரத்துக்கு ஒரே ஒரு சென்டிமீட்டர் குறைவு. எட்டு ஆண்டுகள் கழித்தும் ஒரு சென்டிமீட்டர் வித்தியாசத்தில் நிற்பவரைப் படிப்படியாக இறங்கியவர் என்று சொல்ல முடியாது.

மூன்றாவது வாக்கியம் கவர்ச்சியானது: ‘மாரியப்பன் மாறவில்லை, எதிரே நின்றவர்கள் உயர்ந்துவிட்டார்கள்.’ பாரிஸ் இதற்குச் சாட்சி. அங்கே அமெரிக்காவின் எஸ்ரா ஃப்ரெச் 1.94 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். 1.88 மீட்டர் தாண்டிய மற்றொரு இந்திய வீரர் சரத் குமாருக்கு வெள்ளி. ரியோவின் அதே 1.89 மீட்டரை மாரியப்பன் பாரிஸில் தாண்டியிருந்தாலும் தங்கம் கிடைத்திருக்காது. ஆனால் டோக்கியோவைப் பார்த்தால் வாக்கியம் உடைகிறது. அங்கே தங்கம் வென்ற சாம் க்ரூ தாண்டியது 1.88 மீட்டர், ரியோவில் தங்கம் வென்ற உயரத்தைவிட ஒரு சென்டிமீட்டர் குறைவு. எதிராளி உயர்ந்து தங்கத்தைப் பறிக்கவில்லை. ரியோவின் உயரம் மாரியப்பனிடம் அன்று இருந்திருந்தால் தங்கம் அவருடையது. 1.88 மீட்டரில் மூன்று முயற்சியும் தவறியதால் கிடைத்த வெள்ளி அது.

இந்த உடைப்பில்தான் பேச்சுக்கான கருத்து பிறக்கிறது. டோக்கியோவில் தங்கம் தவறியது சொந்த உயரத்தில் மூன்று சென்டிமீட்டர் குறைந்ததால். பாரிஸில் தவறியது மற்றவர் எட்டிய உயரத்தால். பதக்கத்தின் நிறத்தை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி சறுக்கல். உயரத்தைப் பார்த்தால் இரண்டும் வெவ்வேறு சிக்கல்கள். இரண்டுக்கும் பயிற்சித் திட்டமும் வெவ்வேறு. பயிற்சியாளர் அரங்குக்கு ஏற்ப இதைச் சுருக்கினால் இப்படி வரும்: ‘மாணவனின் இலக்கைப் பதக்கத்தில் எழுத வேண்டாம், சென்டிமீட்டரில் எழுதுங்கள்.’ ஒரே மூச்சில் சொல்லிவிடலாம், மறுக்கவும் இடமுண்டு, கேட்பவர் மறுநாளே செய்து பார்க்கவும் முடியும். இனி பேச்சில் எது இருக்கும், எது போகும் என்பதை இந்த வாக்கியம் முடிவு செய்யும்.

போவதில்தான் மனம் தயங்கும். பத்மஸ்ரீயும் கேல் ரத்னாவும் இந்த வாக்கியத்துக்கு வலுச் சேர்ப்பதில்லை. அவை அறிமுகம் செய்பவர் வாயில் வந்தால் போதும். சிறுவயது விபத்து அரை நிமிடத்துக்கு மேல் போனால் பேச்சு முதல் வாக்கியத்துக்குத் திரும்பிவிடும். டோக்கியோ இறுதிப் போட்டி மழையில் நடந்தது என்ற செய்தி இவற்றைவிடச் சிக்கலானது. மூன்று சென்டிமீட்டர் ஏன் குறைந்தது என்பதற்கு அது ஒரு விளக்கமாகலாம். ஆனால் மேடையில் அதை விரித்தால் ஈர ஓடுதளமும் நனைந்த காலுறையும் பேசப்பட்டு, வேறொரு பேச்சு தொடங்கிவிடும். அது கேள்வி நேரத்துக்கான குறிப்பாக இருக்கட்டும்.

கருத்து தனக்குள்ளேயே கொண்டிருக்கும் வரம்பையும் இந்தக் கட்டத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டும். உயரம் தாண்டுதலில் குறுக்குக் கம்பி ஒவ்வொரு சென்டிமீட்டராக ஏறுவதில்லை. டோக்கியோ இறுதியில் 1.86க்கு அடுத்து வைத்த உயரம் 1.88. ஆகவே ஏட்டில் பதிவான 1.86 வீரரின் திறனைத் துல்லியமாகக் காட்டும் அளவு ஆகாது. குறைந்தது அவ்வளவு தாண்டினார் என்றுதான் பொருள். இன்னொன்று, உயரம் சமமானால் தவறிய முயற்சிகளின் எண்ணிக்கைதான் முடிவு சொல்லும். ரியோவில் சாம் க்ரூ, வருண் சிங் பாட்டி இருவரும் 1.86 மீட்டர்தான் தாண்டினார்கள். ஒருவருக்கு வெள்ளி, மற்றவருக்கு வெண்கலம். ‘சென்டிமீட்டரில் எழுதுங்கள்’ என்று சொல்பவரிடம் ஒரு பயிற்சியாளர் இதைக் கட்டாயம் கேட்பார். இலக்கில் உயரத்தோடு ‘முதல் முயற்சியில்’ என்ற சொல்லையும் சேர்க்க வேண்டும் என்பது அதற்குப் பதில். பதில் இருப்பதால் கருத்து நிற்கிறது. பதில் இல்லாமல் போயிருந்தால் வாக்கியத்தையே மாற்றியிருக்க வேண்டும்.

இப்போது ஸ்லைடுக்கு வரலாம். நான்கு போதும். முதலாவதில் மாரியப்பனின் மூன்று பாராலிம்பிக் உயரங்கள், பக்கத்தில் தங்கம் வென்ற உயரங்கள்: 1.89க்கு 1.89, 1.86க்கு 1.88, 1.85க்கு 1.94. இரண்டாவது டோக்கியோவுக்கு, மூன்றாவது பாரிஸுக்கு. நான்காவதில் ஒரு மாணவரின் பயிற்சி ஏட்டில் இலக்கு எப்படி எழுதப்பட வேண்டும் என்பதன் மாதிரி. ஒவ்வொன்றின் தலைப்பும் முழு வாக்கியமாக இருக்க வேண்டும். ‘டோக்கியோ 2020’ என்ற தலைப்பு எதையும் சொல்லாது. ‘டோக்கியோவில் ரியோவின் உயரமே தங்கத்துக்குப் போதுமாக இருந்தது’ என்பது படம் தெளிவாகத் தெரியாத கடைசி வரிசைக்காரருக்கும் செய்தியைக் கொண்டுசேர்க்கும். நான்கு தலைப்புகளையும் தொடர்ந்து படித்தால் பேச்சின் சுருக்கம் கிடைக்க வேண்டும்.

கருத்து சரியாக அமைந்ததா என்று மேடைக்கு முன்பே சோதிக்கலாம். ஸ்லைடு இல்லாமல் ஒரு நண்பரிடம் இரண்டு நிமிடத்தில் விஷயத்தைச் சொல்லிவிட்டு, பேச்சை வேறு பக்கம் திருப்பி, சற்று நேரம் கழித்து ‘நான் என்ன சொன்னேன்?’ என்று கேட்க வேண்டும். ‘மாரியப்பனைப் பற்றிச் சொன்னீர்கள்’ என்று பதில் வந்தால் இன்னும் பொருள்தான் இருக்கிறது, கருத்து இல்லை. ‘இலக்கைச் சென்டிமீட்டரில் வைக்கச் சொன்னீர்கள்’ என்று வந்தால் வேலை முடிந்தது. ஏதாவது ஒரு ஸ்லைடை எடுத்துவிட்டும் பேச்சு குறையின்றி ஓடினால் அந்த ஸ்லைடு தேவையில்லாதது. ஒத்திகையில் ஆறாவது நிமிடத்திலும் முதல் சான்றே முடியவில்லை என்றால் வேகமாகப் பேசிப் பயனில்லை. வாக்கியத்துக்குள் இரண்டு கருத்து ஒளிந்திருக்கிறது. ஒன்றைப் பிரித்தெடுத்துத் தள்ளிவைக்க வேண்டும்.

அரங்கு மாறினால் கருத்தும் மாறும். நாமக்கல்லில் ஒரு கல்லூரியின் புள்ளியியல் மாணவர்களிடம் இதே எண்களைக் கொண்டுபோனால், ‘தரவரிசை மட்டும் தெரிந்தால் திறன் எவ்வளவு மாறியது என்று சொல்ல முடியாது’ என்பது பொருத்தமான வாக்கியம். அங்கே ரியோ போட்டி டி42 பிரிவிலும் மற்ற இரண்டும் டி63 பிரிவிலும் நடந்தன என்ற விவரம் மையத்துக்கு வந்துவிடும். 2018இல் வகைப்பாடு மாறிய பின் நடந்த போட்டிகளை முந்தையவற்றோடு ஒப்பிடலாமா என்பதே அவர்களின் முதல் கேள்வியாக இருக்கும். இரண்டு வகைக் கேட்பாளரும் ஒரே அரங்கில் இருந்தால் யாருக்காகப் பேசுவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும். இரு சாராருக்கும் பாதிப் பாதி பேசினால் இரண்டுமே நிற்காது. மாதாந்திர அறிக்கை வாசிப்பு போன்ற கூட்டங்களுக்கு மட்டும் இந்த முறை பொருந்தாது. அங்கே ஒவ்வொரு விளையாட்டின் நிலவரத்தையும் சொல்லியாக வேண்டும். அதற்கு ஏற்றது அச்சிட்ட ஒரு பக்கத் தாள்.